38,500 ரூபாய்க்கு நான் வாங்கிய கடிதம்

நேற்றுப் பின்னேரம்தான் அந்தக் கடையின் படியிறங்கி வந்தேன். ஆறுதலாக யோசித்து எழுதலாம் என்று விட்டால் எழுதவே மாட்டேன், அதனால் இப்பவே எழுதுகிறேன். 38,500 ரூபாய். காப்புறுதிக் கம்பனிக்கு எழுதிய ஒரே ஒரு கடிதத்துக்கு. அதுவும் பொய்க் கடிதம்.

எங்கள் வீடு ஆரையம்பதியில். கார்த்திகைக் கடைசியில் நாலு நாள் விடாமல் மழை பெய்து, ஐந்தாம் நாள் இரவு காற்று எடுத்தது. என் மாமி 78 சூறாவளியைக் கண்டவர். கடல் பக்கம் இரைச்சல் மாறியதும், “காரை மரத்துக்குக் கீழ விடாத மகள்” என்றார். போர்ட்டிகோ முழுக்க விறகும் சைக்கிளும். அவற்றை எடுத்து வைக்கப் பஞ்சிப்பட்டு நான் காரை அசைக்கவில்லை. விடியப்புறம் 2.40 மணிக்கு முற்றத்து மாமரம் வேரோடு சாய்ந்தது. எங்கள் பக்கம் மணல் தரை, ஊறிவிட்டால் வேருக்குப் பிடிமானம் இல்லை. அடிமரம் காரின் கூரையில் விழுந்து முன் கண்ணாடியையும் பொனட்டையும் அமுக்கிவிட்டது. ஒரு கிளை குசினி ஓட்டையும் பக்கத்து மதிலையும் உடைத்தது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை.

காருக்கு முழுக் காப்புறுதி இருக்கிறது. வீட்டுக்கும் இருக்கிறது, வங்கிக் கடன் எடுத்தபோது கட்டாயமாகப் போட்டது. இரண்டும் வேறு வேறு கம்பனி. இரண்டு பொலிசியையும் நான் ஒரு நாளும் வாசித்ததில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் தமிழ் டீச்சர், எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதப் பழக்குகிறவள்.

பாடசாலையில் ஒருவர் அந்த இடத்தைச் சொன்னார். மட்டக்களப்பு நகருக்குள், போன் திருத்தும் கடைக்கு மேல்மாடி. காப்புறுதி நட்டஈடு எடுத்துத் தருவதாக போர்டு போட்டிருந்தார்கள். பெயர் எழுத மாட்டேன். பெயரை மாற்றிக்கொண்டு இன்னொரு மாடியில் திறக்க அவர்களுக்கு ஒரு கிழமை போதும்.

அந்த மனிதன் கதிரையை விட்டு எழுந்து நின்று வரவேற்றான். பிளேன்டீ வந்தது. என் போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தான். எந்தப் பக்கமிருந்து விழுந்தது, வேர் வந்ததா முறிந்ததா என்று கேட்டான். அந்த இரண்டு கேள்வியில்தான் நான் விழுந்தேன். தொழில் தெரிந்தவன் கேட்கிற கேள்வி அல்லவா அது. பிறகு சொன்னான்: “டீச்சர், மரம் நிண்டது உங்கட வளவுக்குள்ள. அப்ப இது வீட்டு பொலிசிலதான் வரும். கார் பொலிசில போட்டா அடுத்த வருசம் கட்டுற காசு கூடும். ஒண்டுக்கும் யோசிக்காதீங்க.” எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்! மரம் வீட்டுடையது, அதனால் வீட்டுக் காப்புறுதி. எனக்கு அப்போது அப்படியே சரியாகப் பட்டது.

கடிதம் இங்கிலீஷில்தான் போக வேண்டும் என்றான். எழுத 3,500. ஃபைல் நடத்த 35,000, காசு கிடைத்ததும் கணக்குப் பார்க்கலாமாம். மொத்தம் 38,500. ரசீது கேட்டேன், விசிட்டிங் கார்டின் பின்னால் தொகையை எழுதித் தந்தான். மரத்தை வெட்டி எடுத்து முற்றத்தைத் துப்புரவாக்கச் சொன்னான். அதையும் செய்தேன். அடுத்த நாள் ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வைத்தேன். வாசிக்கவில்லை. என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, “நீங்க சொன்னதுதான் டீச்சர், கொஞ்சம் வடிவா எழுதியிரிக்கு” என்றான்.

பதினாறாம் நாள் வீட்டுக் காப்புறுதிக் கம்பனியிலிருந்து பதில் வந்தது. இந்தப் பொலிசி கட்டடத்துக்குரியது, மோட்டார் வாகனம் இதில் அடங்காது என்று இரண்டு வரி. கடைக்குப் போன் செய்தேன். “அது சும்மா முதல் கடிதம் டீச்சர், எல்லாருக்கும் அனுப்புவாங்க.” இரண்டாம் தரம், ஃபைல் கொழும்பில். மூன்றாம் தரம், சேர் லீவு. பிறகு வட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு மட்டும். நேரில் போனால் முன்னால் இருக்கிற பிள்ளை, “சேர் இப்பதான் வெளிய போனவர்” என்கிறாள். உள்ளே அவன் இருமுவது கேட்கிறது.

அதற்குப் பிறகுதான் எங்கள் பாடசாலை இங்கிலீஷ் டீச்சரிடம் கடிதத்தின் பிரதியைக் கொடுத்தேன். அவர் வாசிக்க வாசிக்க எனக்குத் தலை சுற்றியது. கார் வீதியோரத்தில் நின்றதாம். இரவு பத்து மணியாம். மரம் ஏற்கனவே உக்கி, ஒரு பக்கம் சாய்ந்து நின்றதாம். இது வேறு யாரோ ஒருவருடைய கடிதம்! என் பெயரையும் கார் இலக்கத்தையும் மட்டும் மாற்றியிருக்கிறான்.

இதில் எது ஆபத்தென்று கார் காப்புறுதிக் கம்பனியின் கிளைக்குப் போன பிறகுதான் விளங்கியது. அங்கே இருந்த உத்தியோகத்தர் பொறுமையானவர். அவர் சொன்னபடி, ஒரு மரம் விழுந்தால் இரண்டு கடிதம். கார் எந்த வளவில் நின்றாலும், மரம் யாருடையதானாலும், காரின் சேதம் கார் பொலிசிக்குத்தான் போகும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் உள்ள காருக்கு ஒன்றும் கிடைக்காது. முழுக் காப்புறுதியிலும் புயல், வெள்ளம் போன்ற இயற்கை அனர்த்தம் பல வேளை தனியாகச் சேர்க்க வேண்டிய ஒன்று. என் பொலிசியில் அது இருக்கிறது. நான் கெட்டிக்காரி என்பதால் இல்லை, லீசிங் காரர் விடாப்பிடியாகப் போடவைத்ததால். குசினி ஓடும் மதிலும்தான் வீட்டுப் பொலிசிக்குரியவை. அவன் எழுதிய கடிதத்தில் அவற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. உண்மையில் கிடைக்கக்கூடியதைக் கேட்காமல், கிடைக்கவே முடியாததைக் கேட்டிருக்கிறான்.

அந்த “உக்கிச் சாய்ந்த மரம்” என்ற வரி இன்னும் மோசம். காற்றுக்கு முன்பே விழ இருந்த மரமென்று சொந்தக்காரியே எழுதிக் கொடுத்தால், புயலால் வந்த சேதமில்லை, கவனக்குறைவு என்று கம்பனி சொல்ல நாங்களே வழி செய்து கொடுத்ததாகிவிடும். எங்கள் மரம் அந்த வருடமும் காய்த்த மரம். உத்தியோகத்தர் வேர்க் குழியைப் பார்க்க ஆள் அனுப்புகிறேன் என்றார். குழியை மூடி, அடிமரத்தை விறகாக அடுக்கியாயிற்று. விழுந்த அன்றே அவசர இலக்கத்துக்கு அழைத்திருந்தால் மதிப்பீட்டாளர் வந்து மரம் கிடந்தபடியே பார்த்திருப்பார். மூன்று கிழமைக்குப் பிறகு போய் நிற்கிறேன்.

பக்கத்து வீட்டுத் தம்பி விடிந்ததும் எடுத்த படங்கள்தான் இப்போது என் பக்கம் நிற்கின்றன. வேர், மண், காரின் இலக்கத் தகடு எல்லாம் ஒரே படத்தில் விழுந்திருக்கிறது. போனில் திகதியும் நேரமும் இருக்கின்றன.

கார் கம்பனிக்கான கடிதத்தை நானே எழுதினேன். தமிழில். “தாராளமாகத் தாங்க டீச்சர்” என்று வாங்கிக்கொண்டார்கள். இங்கிலீஷ் வேண்டுமென்பதும் அவன் கதைதான். அந்தக் கடிதத்தில் இருந்து கொஞ்சம்:

“எனது கார் முந்தின நாள் மாலை 6 மணியளவில் என்னால் எனது வளவுக்குள், மாமரத்திலிருந்து ஏறத்தாழ எட்டடி தூரத்தில் நிறுத்தப்பட்டது. அதன் பின் யாரும் அதைச் செலுத்தவில்லை. அதிகாலை 2.40 மணியளவில் பலத்த காற்றின்போது பெரிய சத்தம் கேட்டது. மரம் விழுவதை நான் கண்ணால் காணவில்லை. டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது மரம் வேரோடு சாய்ந்து காரின் மேல் கிடந்தது. அதற்கு முன் மரத்தில் உக்கலோ சாய்வோ இருக்கவில்லை. நான்காம் நாள் மரத்தை வெட்டி அகற்றினேன். வெட்டுவதற்கு முன் எடுத்த படங்கள் இணைக்கப்பட்டுள்ளன.”

காணவில்லை என்ற வரியைப் போடலாமா என்று தயங்கினேன். போட்டதுதான் நல்லது என்றார் உத்தியோகத்தர். கண்டேன் என்று எழுதினால் எந்தக் கதவால் வந்து எங்கே நின்று கண்டீர்கள் என்று கேள்வி வரும். முதல் கடிதம் எப்படிப் போனது என்பதையும் கடைசியில் ஒரு பந்தியாக எழுதிவிட்டேன். மறைத்து வைத்துப் பிறகு அகப்படுவதை விட அது மேல். கராஜ் எஸ்டிமேட்டையும் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் சேர்த்தேன். அன்றைய காற்று மழை பற்றி வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையும் கேட்டிருக்கிறார்கள், விண்ணப்பித்திருக்கிறேன். ஓட்டுக்கும் மதிலுக்கும் வீட்டுக் கம்பனிக்குத் தனிக் கடிதம் போய்விட்டது. எங்கள் பொலிசியில் மதில் என்று சொல்லி எழுதியிருக்கிறது. சில பொலிசியில் இராதாம். இரண்டிலும் முடிவு வரவில்லை. வந்தாலும், சேதத்தில் நாங்களே ஏற்க வேண்டிய ஒரு தொகையைக் கழித்துத்தான் தருவார்கள். என் 38,500 அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் முடியவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். மரத்தை வெட்ட முன் கம்பனிக்குப் போன் செய்யுங்கள், படம் எடுங்கள். விளங்காத பாஷையில் கையெழுத்து வைக்காதீர்கள். இடையில் நின்று காசு கேட்கிறவரிடம், காப்புறுதி ஒழுங்குமுறை ஆணைக்குழுவில் பதிந்த தரகரா என்று கேளுங்கள். நான் கேட்டபோது அவன் சிரித்தான். கம்பனி மறுத்து, அது நியாயமில்லை என்று பட்டால், இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்கிற காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். அதற்கு எவனுக்கும் 35,000 கட்டத் தேவையில்லை.

நேற்று நான் இறங்கி வரும்போது ஒரு வயதானவர் கையில் பெரிய உறையோடு படியேறி வந்தார். “ஐயா, அது வீட்டு பொலிசியா, வாகன பொலிசியா?” என்று கேட்டேன். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அது அந்தத் தம்பிக்குத் தெரியும் மகள்” என்று சொல்லிவிட்டு மேலே போனார். பின்னாலேயே ஏறிப் போனேன். எனக்கு வெளியே போயிருந்த சேர், கதிரையை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தான்.