மொலாசஸுக்கு கியர் பம்ப் மாத்தின அனுபவம்: பம்ப் மட்டும் மாத்தினா போதாது

ஈரோடு பக்கம் மாட்டுத்தீவன மில்லுல மெயின்டெனன்ஸ் பாக்குறேன். டேங்கர்ல வர்ற மொலாசஸை ஸ்டோரேஜ் டேங்க்குக்கு ஏத்துற பம்ப் பத்திதான் இது. முதல்ல சென்ட்ரிஃபியூகல் இருந்துச்சு, இப்போ சில வருஷமா இன்டர்னல் கியர் பம்ப் ஓடுது.

சென்ட்ரிஃபியூகல் மொலாசஸை தள்ளவே தள்ளாதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க, அது முழு உண்மை இல்ல. மத்தியான வெயில்ல டேங்கர் நல்லா சூடாகி வந்தா ஓரளவு ஏறும், அதே பம்ப் மார்கழி காலைல பார்த்தா டெலிவரில நூலு மாதிரி வரும். இம்பெல்லர் திரவத்தை சுழட்டி வீசிதான் பிரஷர் உண்டாக்குது, கெட்டியா இருந்தா அந்த சக்தியில பாதிக்கு மேல உள்ளயே உராய்வுல சூடா போயிடும். கேட்டலாக்ல இருக்குற கர்வ் தண்ணிக்கு போட்டது, அத வச்சு மொலாசஸுக்கு பம்ப் எடுக்கவே கூடாது. கெட்டித்தன்மை சில நூறு சென்டிபாய்ஸ் தாண்டினாலே சென்ட்ரிஃபியூகலோட எஃபிஷியன்சி வேகமா விழும், மொலாசஸ் சாதாரணமாவே ஆயிரக்கணக்குல இருக்கும், குளிர்ல பத்தாயிரத்தையும் தாண்டும்.

கியர் பம்ப் வேற மாதிரி. பல்லு இடுக்குல மாட்டுன அளவை அப்படியே அந்தப் பக்கம் கொண்டு போய் தள்ளும், எதிர்ல எவ்வளவு தடை இருந்தாலும் ஒரு சுத்துக்கு இவ்வளவுன்னு கணக்கு. கெட்டியா இருந்தா பல்லு இடைவெளி வழியா பின்னாடி கசியுறதும் குறையும். அதனால காலைல சரக்கு கெட்டியானா வர்ற அளவு குறையாது, டெலிவரி கேஜும் ஆம்ப்ஸும்தான் ஏறும்.

ஆனா நிறைய பேர் கோட்டை விடுற இடம் சக்‌ஷன் லைன். எங்க கேஸையே கணக்கு போட்டு காட்டுறேன். மணிக்கு 10 கன மீட்டர் வேணும், டேங்கர்ல இருந்து பம்ப் வரைக்கும் 5 மீட்டர் பைப், சரக்கு 5000 சென்டிபாய்ஸ். 3 இஞ்ச் பைப்னா உராய்வுலயே சுமார் 0.9 பார் போயிடும். பம்புக்கு மேல 2 மீட்டர் லெவல் இருந்தா, மொலாசஸ் தண்ணிய விட 1.4 மடங்கு வெயிட்டுங்கறதால ஒரு 0.27 பார் கிடைக்கும், காத்தோட அழுத்தம் 1 பார், ஆக மொத்தம் 1.27. அதுல 0.9 போச்சுன்னா மிச்சம் கொஞ்சூண்டு, எல்போ, ஸ்ட்ரெய்னர் எல்லாம் அதுக்குள்ள அடங்கணும். சரக்கு 10000 ஆனா பைப்புக்கே 1.8 பார் வேணும், இருக்கிறதே 1.27தான், எந்தக் கம்பெனி பம்ப் போட்டாலும் வராது. அதே இடத்துல 6 இஞ்ச் போட்டா உராய்வு பதினாறுல ஒரு பங்கு, 5000க்கு 0.06 பார் கூட இல்ல. பம்ப் வாங்குற காசுல கொஞ்சத்த பைப்புக்கு ஒதுக்குங்கன்னு சொல்றது இதுக்குத்தான். சக்‌ஷன் பத்தலன்னா கியர் பம்ப்ல ஜல்லி போட்டு அரைக்கிற சத்தம் வரும், சக்‌ஷன்ல ஒரு வேக்குவம் கேஜ் போட்டுட்டா சத்தம் வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்.

வேகமும் முக்கியம். 1440 ஆர்பிஎம் மோட்டார்ல நேரா கப்ளிங் பண்ணா பல்லு இடுக்கு நிறையறதுக்குள்ள சுத்திடும், அதனால ரிடக்‌ஷன் கியர்பாக்ஸ் போட்டு 100 சொச்சத்துல ஓட்டுறோம். பம்ப் சைஸ் பெருசாகும், விலையும் ஏறும், வேற வழியில்ல.

இனி தொல்லைகள். டெலிவரி வால்வை மூடிட்டு ஓட்டினா சென்ட்ரிஃபியூகல் கொஞ்ச நேரம் தாங்கும், இது தாங்காது, ரிலீஃப் வால்வு இல்லன்னா பைப்போ ஷாஃப்ட்டோ போகும். பம்போட வர்ற ரிலீஃப் வால்வு அதே சரக்கை உள்ளயே சுத்த விடுறதால சூடேறும், அதை நம்பி ரொம்ப நேரம் விடாதீங்க. நிறுத்தி வச்சா மொலாசஸ் சீல்ல காய்ஞ்சு ஒட்டிக்கும், மறுபடி ஸ்டார்ட் பண்ணும்போது மெக்கானிக்கல் சீல் முகம் பிய்யும், எங்களுக்கு கிளாண்ட் பேக்கிங்தான் ஒத்து வந்துச்சு. ஆன் பண்றதுக்கு முன்னாடி கையால ஷாஃப்ட்டை ஒரு சுத்து சுத்திப் பாக்கறது பழக்கமாயிடுச்சு. லேசா சூடு காட்டினா இளகும், ஆனா 40 டிகிரி சுமாரோட நிறுத்திக்கோங்க, 60க்கு மேல விட்டா மொலாசஸ் தானா சூடேறி பொங்க ஆரம்பிக்கும், டேங்க்குக்கே ஆபத்து. வெந்நீர்ல கழுவும்போதும் கியர் பம்பை நீளமா ஓட்டாதீங்க, தண்ணில பல்லுக்கு வழுவழுப்பு கிடைக்காது, தேய்மானம்தான் மிஞ்சும்.

பழைய சென்ட்ரிஃபியூகலை தூக்கிப் போடல, தண்ணி கலந்து நல்லா நீர்த்த மொலாசஸுக்கும் கழுவுற லைனுக்கும் அதுதான் ஓடுது, அந்த வேலைக்கு அதை அடிச்சிக்க முடியாது, சத்தமும் இல்ல.

கிரீஸுக்கும் இதே கியர் பம்ப் போதுமான்னு கேக்குறாங்க. கிரீஸ் தானா ஓடி வந்து சக்‌ஷன்ல விழாது, டிரம்ல நடுவுல குழி விழுந்து பம்ப் காத்தை இழுக்கும். அதுக்கு டிரம் மேல ஃபாலோயர் பிளேட் வச்சு அமுக்குற பிஸ்டன் டைப் பம்ப்தான் பாக்கணும்.