ரூ.38,400 போய்விட்டது: மின்னஞ்சல் ஆர்டர்களைத் தானியங்கியிடம் ஒப்படைக்கும் முன் இதைப் படியுங்கள்

அச்சிட்ட அட்டைப்பெட்டிகள் செய்து கொடுக்கும் சிறிய நிறுவனம் எங்களுடையது. மின்னஞ்சலில் வரும் ஆர்டர்களைப் படித்து, அளவையும் எண்ணிக்கையையும் எக்சல் தாளில் ஏற்றி, வாடிக்கையாளருக்கு உடனே பதிலும் அனுப்பும் தானியங்கி ஏற்பாட்டை, இத்தகைய வேலைகளைச் செய்து தரும் ஒரு சேவை நிறுவனத்திடம் ரூ.15,000 கொடுத்து வாங்கினோம். அதனால் இந்த வாரம் நாங்கள் இழந்த தொகை ரூ.38,400. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நம்பிக்கை வந்த இடத்தை முதலில் சொல்ல வேண்டும். ஒப்படைக்கும் நாளில் அவர்கள் திரையைப் பகிர்ந்து, ஒரு மின்னஞ்சலை அனுப்பிக் காட்டினார்கள். சில நொடிகளில் தாளில் புதிய வரி ஏறியது, பதிலும் போனது. எல்லா வகை அஞ்சல்களையும் வைத்துச் சோதித்துவிட்டோம், சார், நீங்கள் கவலையே பட வேண்டாம் என்றார் அந்த இளைஞர். அன்றே மீதித் தொகையைச் செலுத்தினேன். அவர்கள் சோதித்த அஞ்சல்கள் அனைத்தும் அவர்களே ஒரே அச்சில் எழுதியவை என்பதும், எங்கள் வாடிக்கையாளர் எழுதிய ஒன்றுகூட அவற்றில் இல்லை என்பதும் பின்னால்தான் தெரிந்தது.

பழைய வாடிக்கையாளர் ஒருவர், தம்முடைய முந்தைய ஆர்டருக்கான அஞ்சலைத் திறந்து, அதற்கே 'ரிப்ளை' அழுத்தி எழுதினார். எங்களுக்கு வந்தது இப்படி இருந்தது:

```
சென்ற முறை அடித்த அதே பெட்டி. இப்போது 500 போதும்.

On Mon, 3 Jun 2024 at 10:12, ... wrote:
> Quantity: 2000
```

தானியங்கி `Quantity:` என்ற சொல்லைத் தேடி, அதையடுத்து வரும் எண்ணை எடுக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. வாடிக்கையாளர் புதிதாக எழுதிய வரியில் அந்தச் சொல் இல்லை. கீழே ஒட்டிக்கொண்டு வந்த பழைய அஞ்சலில் இருந்தது. ஆகவே 2,000 பெட்டிகள் என்று தாளில் ஏறியது, அச்சாகியும் போனது. அவர் கடையின் பெயர் அச்சிட்ட 1,500 பெட்டிகளை வேறு யாருக்கு விற்பது? பெட்டி ரூ.14 வீதம் ரூ.21,000, கூடுதலாகப் போய்த் திரும்பிய லாரி வாடகை ரூ.2,400, அவர்களுக்குக் கொடுத்த ரூ.15,000: மொத்தம் ரூ.38,400.

தொலைபேசியில் கேட்டபோது, உங்கள் வாடிக்கையாளர்தான் முறையாக எழுத வேண்டும் என்றார்கள். மீண்டும் அழைத்தேன், பழைய அஞ்சல் பகுதியை நீக்குவது புதிய தேவை, அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். எழுத்தில் புகார் அனுப்பினேன். 'தீர்க்கப்பட்டது' என்று குறித்துப் புகாரை மூடிவிட்டார்கள். ஆர்டர் கொடுப்பவர் பழைய அஞ்சலுக்கே பதில் எழுதுவது அன்றாடம் நடப்பது. அதைச் சோதிக்காமல் எதைச் சோதித்தார்கள்?

எப்படிச் சோதிக்க வேண்டும் என்று விரிவாக எழுத எண்ணினேன்; இப்போது முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். உங்கள் மின்னஞ்சல் பெட்டியில் ஏற்கெனவே வந்துள்ள உண்மையான அஞ்சல்களிலிருந்து பத்துப் பன்னிரண்டைத் தேர்ந்தெடுங்கள். ஒழுங்கானவை மூன்று நான்கு போதும். மற்றவை கோணலானவையாக இருக்கட்டும்: பழைய அஞ்சலுக்கான பதில், ஒரே அஞ்சலில் இரண்டு ஆர்டர்கள், எண்ணை 'ஐந்நூறு' என்று எழுத்தால் எழுதியது, உள்ளே ஒன்றுமில்லாமல் படம் மட்டும் இணைத்தது, ஆர்டரை ரத்து செய்வது. ஒவ்வொன்றுக்கும் தாளில் என்ன ஏற வேண்டும் என்பதை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள்; வந்ததைப் பார்த்த பிறகு எழுதினால் தவறும் சரியாகத் தோன்றும். சிலவற்றுக்குச் சரியான விடை, எதையும் ஏற்றாமல் ஓர் ஆளின் பார்வைக்கு ஒதுக்கி வைப்பதுதான்.

அஞ்சலின் வாசகத்தை நகலெடுத்து ஒட்டிச் சோதிக்க விடாதீர்கள். அனுப்புநர் விவரமும் இணைப்பும் அதில் வராது. வேறொரு கணக்கிலிருந்து உண்மையாகவே அனுப்பச் சொல்லுங்கள். சோதனை முடியும் வரை, வெளியே போகும் பதில்கள் எல்லாம் உங்கள் சொந்த முகவரிக்கே வரட்டும்.

'விடுப்பில் இருக்கிறேன்' என்ற தானியங்கிப் பதிலையும் இந்தச் சோதனைத் தொகுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். அத்தகைய அஞ்சலின் தலைப்பு விவரங்களில் பெரும்பாலும் `Auto-Submitted: auto-replied` என்று இருக்கும். அதற்குத் தானாகப் பதில் அனுப்பக் கூடாது என்று 2004-லேயே வெளியான RFC 3834 என்ற இணையத் தர ஆவணம் கூறுகிறது. அனுப்பினால் இரு பக்கமும் மாறி மாறிப் பதில் போய்க்கொண்டே இருக்கக்கூடும்.

திருத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் முழுத் தொகுப்பையும் மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். அத்தனையும் நீங்கள் எழுதி வைத்த விடையோடு பொருந்தும் வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.