கருஞ்சீரகம்: முப்பொடிக் கலவையா, தனிப்பொடியா, எண்ணெயா?

வெந்தயம் கால் கிலோ, ஓமம் 100 கிராம், கருஞ்சீரகம் 50 கிராம். தனித்தனியாக வறுத்துப் பொடித்து, ராத்திரி வெந்நீரில் ஒரு ஸ்பூன். சர்க்கரை உள்ள அம்மாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் மூன்றையும் வாங்கி வந்து இரண்டு மாதம் இப்படிக் கொடுத்தோம். இப்போது தனிக் கருஞ்சீரகப் பொடிக்கு மாறிவிட்டோம். மாறியதற்குக் காரணம் அளவு.

கலவை மொத்தம் 400 கிராம். கருஞ்சீரகம் அதில் எட்டில் ஒரு பங்குதான். எங்கள் வீட்டு ஸ்பூன் தலைதட்டி 3 கிராம் பிடிக்கிறது. அப்படியானால் உள்ளே போன கருஞ்சீரகம் 0.4 கிராம்கூட இல்லை, வெந்தயமோ கிட்டத்தட்ட 1.9 கிராம். சர்க்கரை குறைந்தாலும் எதனால் குறைந்தது என்று சொல்ல முடியாது.

2010-ல் வெளியான ஓர் ஆய்வில், சர்க்கரை நோயாளிகள் 94 பேருக்கு வழக்கமான மாத்திரையோடு தினமும் 1, 2 அல்லது 3 கிராம் கருஞ்சீரகம் மூன்று மாதம் கொடுத்தார்கள். 2 கிராம் எடுத்தவர்களுக்கு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சுமார் 1.5 சதவீதப் புள்ளி குறைந்தது. 3 கிராமுக்குக் கூடுதல் பலன் இல்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் அளவுக்கு ஒரு பிடி கிடைத்தது. டாக்டரிடம் சொல்லிவிட்டு, காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பின் 1 கிராம் என்று தராசில் நிறுத்துக் கொடுக்கிறோம்.

மூன்றாவது வாரம் மதியச் சாப்பாடு தள்ளிப்போன ஒரு நாள் அம்மாவுக்கு வியர்த்து, கை நடுங்கியது. குளுக்கோமீட்டரில் 64. உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம். அவர் போடுவது கிளிமிபிரைட். அந்த மாத்திரையே சர்க்கரையைத் தாழ இறக்கக்கூடியது, கூடவே இதுவும். மாத்திரை அளவை டாக்டர் குறைத்தார். நாங்களாகக் குறைத்திருந்தால் தப்பாகியிருக்கும்.

எண்ணெயை நாங்கள் பயன்படுத்திப் பார்க்கவில்லை. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், மொத்தக் கொலஸ்ட்ராலும் எல்டிஎல்லும் குறைவதில் பொடியைவிட எண்ணெய் கொஞ்சம் மேல் என்றும், நல்ல கொலஸ்ட்ரால் கூடியது பொடியில் மட்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். குறைவது சிறிய அளவுதான். ஸ்டேடின் மாத்திரைக்கு மாற்றாகாது.

பொடியிலும் ஒரு தொல்லை உண்டு. விதையில் எண்ணெய் அதிகம் என்பதால் அரைத்து வைத்தால் சீக்கிரம் காறிப்போகும். விதையாகவே வைத்து, வாரத்துக்கு 15 கிராம் மட்டும் அரைக்கிறோம். நசுக்கினால் ஓமத்தை நினைவூட்டும் கார வாசனை வர வேண்டும். வராவிட்டால் பழைய சரக்கு, அல்லது கருப்பு எள்.

பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்துச் சாமான்களில் கருஞ்சீரகம் உண்டு. அதற்காகக் கர்ப்பிணிகள் இந்த அளவில் எடுக்கக் கூடாது. தாளிப்பில் சேர்ப்பது வேறு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். அம்மாவுக்கு அடுத்த மாதம் ஓர் ஆபரேஷன் இருக்கிறது. இரண்டு வாரம் முன்பே பொடியை நிறுத்துகிறோம்.