பாக்கி கேட்கும்போது கிண்டல்: வாட்ஸ்அப்பிலா, போனிலா?

மதுரையில் எங்களிடம் சுங்குடிச் சேலை எடுக்கும் தேனிக் கடைக்காரர் ஒருவரோடு 12 வருடப் பழக்கம். 18,400 ரூபாய் பாக்கி, தவணை தாண்டி 20 நாள். "அண்ணே, அழகரே ஆத்துல இறங்கிட்டாரு, உங்க செக் இன்னும் மலையை விட்டு இறங்கலையே" என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன். நீலக்குறி விழுந்தது, பதில் இல்லை. எப்போதும் "சரிப்பா" என்று எழுதுகிறவர், மாலையில் "நாளை அனுப்புகிறோம்" என்றார். அந்த "றோம்" போதும், மனத்தாங்கல் என்று புரிந்துவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, கடையில் அந்த போனை அவர் மகனும் கணக்குப்பிள்ளையும் பார்ப்பார்களாம்.

இதையே போனில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். என் குரலில் சிரிப்பு கேட்டிருக்கும். அவர் குரல் இறுகினால் நானும் பேச்சை மாற்றியிருப்பேன். எழுத்துக்கு அந்த வசதி இல்லை. சிரிப்புப் பொம்மை போட்டால் குத்தல் இன்னும் கூடும். ஆனால் போன் பேச்சு கணக்குக்குச் சான்றாகாது.

அதனால் இப்போது வாட்ஸ்அப்பில் பில் எண், தொகை, தேதி மட்டும். "திருவிழா வியாபாரம் எப்படிண்ணே?" என்பது தனிச் செய்தியாகப் போகும். கிண்டல் போனில்தான், அதுவும் பணம் வந்த பிறகு.