நாவலூர் புது ஃபிளாட்டா, குரோம்பேட்டை பழைய ஃபிளாட்டா: வாடகைக்கு விட வாங்கினால் மாதம் எவ்வளவு துண்டு விழும்?

கையில் 20 லட்சம் இருக்கிறது. வாங்கி வாடகைக்கு விட ஒரு இரண்டு பெட்ரூம் ஃபிளாட் வேண்டும். சென்னையில் இப்படித் தேடுபவர்கள் முன்னால் பெரும்பாலும் இரண்டு வகை வீடுகள் வந்து நிற்கும். ஒன்று நாவலூர் மாதிரி ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் லிஃப்ட், நீச்சல் குளம், செக்யூரிட்டி என்று எல்லாம் உள்ள புது வளாகம். இன்னொன்று குரோம்பேட்டை மாதிரிப் பழகிய பகுதியில், லிஃப்ட் இல்லாத மூன்று மாடி ரீசேல் வீடு. எது நல்ல சொத்து, எது விலை ஏறும் என்பது தனி விவாதம். மாதாமாதம் சம்பளத்திலிருந்து எவ்வளவு எடுத்துப் போடவேண்டியிருக்கும் என்பதை மட்டும் இங்கே பார்க்கிறேன். வாங்கியவர்கள் மூன்றாம் வருடத்தில் திணறுவது அந்த இடத்தில்தான்.

எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் வீட்டின் எண்களை அதே இடத்தில் போட்டுப் பாருங்கள்.

நாவலூர் வீடு 1,050 சதுர அடி. பத்திரச் செலவெல்லாம் சேர்த்து 70 லட்சம். நம் 20 லட்சம் போக கடன் 50 லட்சம், 8.5% வட்டி, 20 வருடம். குரோம்பேட்டை வீடு 850 சதுர அடி, கட்டி இருபது வருடம் ஆகிவிட்டது. எல்லாம் சேர்த்து 57 லட்சம், கடன் 37 லட்சம். பழைய கட்டிடத்துக்கு இன்னும் எத்தனை வருட ஆயுள் என்று பார்த்துத்தான் வங்கி கடன் காலத்தை முடிவு செய்யும் என்பதால் இதற்கு 15 வருடம்தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். இஎம்ஐயை எக்செலில் நீங்களே சரிபார்க்கலாம்:

```
=PMT(8.5%/12, 240, -5000000)   → 43,391
=PMT(8.5%/12, 180, -3700000)   → 36,435
```

நாவலூரில் வாடகை 23,000, குரோம்பேட்டையில் 16,000. இஎம்ஐயில் வாடகையைக் கழித்தால் மாதத் துண்டு முறையே 20,391, 20,435. நாற்பது ரூபாய்தான் வித்தியாசம். பலரும் இந்த இடத்தில் கணக்கை மூடிவிட்டு, இரண்டும் ஒன்றுதானே, புது வீட்டையே எடுப்போம் என்று போய்விடுகிறார்கள். மீதிக் கணக்கு இனிமேல்தான் இருக்கிறது.

முதலில் வீடு காலியாக இருக்கும் காலம். இதற்கு எல்லா வீட்டுக்கும் பொதுவாக 5%, 8% என்று ஒரு விழுக்காட்டைப் போடுவது சரியாக வராது. யார் குடியிருக்கப் போகிறார்கள், ஏன் காலி செய்வார்கள் என்று யோசித்துத்தான் போடவேண்டும். நாவலூரில் வருபவர்கள் பெரும்பாலும் ஐ.டி. வேலைக்காரர்கள். கம்பெனி மாறினால், வேறு ஊருக்கு மாற்றினால், கல்யாணம் ஆனால் போய்விடுவார்கள். 2020-ல் வீட்டிலிருந்து வேலை என்று ஆனபோது ஓ.எம்.ஆர். நெடுக வீடுகள் காலியானது பலருக்கும் நினைவிருக்கும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆள் மாறும், மாறும்போது இரண்டு மாதம் காலி என்று வைக்கிறேன். அதாவது வருடத்துக்கு ஒரு மாத வாடகை போகும். குரோம்பேட்டையில் பிள்ளைகள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற குடும்பங்கள்தான் அதிகம் வரும். அவர்கள் சுலபத்தில் கிளம்ப மாட்டார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒன்றரை மாதம் காலி, வருடக் கணக்கில் அரை மாதம்.

வாடகை நின்றதோடு முடிவதில்லை. குடித்தனம் இருக்கும்வரை அவர்கள் கட்டிய மெயின்டனன்ஸ், காலியான அன்றிலிருந்து உங்கள் தலையில் விழும். சதுர அடிக்கு 3.50 என்றால் நாவலூரில் அது மாதம் 3,675. குளத்தில் யாரும் இறங்காவிட்டாலும் கட்டியாக வேண்டும். புது ஆள் வருமுன் பெயின்டிங், சுத்தம், பிறகு புரோக்கர் கமிஷன். குரோம்பேட்டையில் கேட்டில் மாட்டிய டூ-லெட் போர்டைப் பார்த்தே ஆள் வந்துவிடுவார்கள் என்பதால் அங்கே கமிஷன் போடவில்லை.

பழைய வீட்டின் செலவு வேறு பக்கமிருந்து வரும். குளியலறைச் சுவரில் ஓதம், துருப்பிடித்த ஜி.ஐ. பைப், பழைய வயரிங் என்று வீட்டுக்குள்ளேயே வருடம் 15,000 வைக்கவேண்டும். மாத மெயின்டனன்ஸ் 1,500-தான். அதில் விளக்கு, துப்புரவு, மோட்டார் கரன்ட் அடங்கும், அவ்வளவே. மொட்டை மாடிக்குத் தட்டோடு மாற்றுவது, சம்ப் மோட்டார் வாங்குவது, வெளிச்சுவர் பெயின்ட் எல்லாவற்றுக்கும் அசோசியேஷன் தனியாக வசூலிக்கும். அதற்கு வருடச் சராசரியாக இன்னொரு 15,000.

| வருடத்துக்கு (ரூ.) | நாவலூர் | குரோம்பேட்டை |
|---|---|---|
| முழு வாடகை | 2,76,000 | 1,92,000 |
| காலியாகக் கிடந்ததில் போன வாடகை | 23,000 | 8,000 |
| அந்த நாட்களின் மெயின்டனன்ஸ் | 3,675 | 750 |
| புரோக்கர் கமிஷன் | 11,500 | 0 |
| பெயின்டிங், சுத்தம் | 11,000 | 7,000 |
| சொத்து வரி | 6,000 | 4,000 |
| வீட்டுக்குள் ரிப்பேர் | 8,000 | 15,000 |
| அசோசியேஷன் தனி வசூல் | 0 | 15,000 |
| கையில் நிற்பது | 2,12,825 | 1,42,250 |
| இஎம்ஐ | 5,20,692 | 4,37,220 |
| துண்டு | 3,07,867 | 2,94,970 |

மாதத்துக்கு நாவலூர் 25,656, குரோம்பேட்டை 24,581. இரண்டிலுமே முதல் கணக்கைவிட நான்கு, ஐந்தாயிரம் கூடிவிட்டது. ஆனால் ஒரே மாதிரி கூடவில்லை. மாதம் ஆயிரத்துச் சொச்சம் பெரிய தொகை இல்லை என்று தோன்றலாம். அந்தத் துண்டுப் பணம் எங்கே போகிறது என்று பார்த்தால்தான் வித்தியாசம் விளங்கும். முதல் வருட இஎம்ஐயில் நாவலூரில் அசலுக்குப் போவது சுமார் 99,500, மீதி வட்டி. குரோம்பேட்டையில் கடன் சிறியது, காலமும் குறைவு. அதனால் அசலுக்குச் சுமார் 1,27,600 போகிறது. குறைவாகப் போட்டு அதிகமாகக் கடனை அடைக்கிறோம், ஐந்து வருடம் முன்னதாகவும் முடிக்கிறோம். வட்டி ஒரு விழுக்காடு ஏறினால் நாவலூர் இஎம்ஐ 3,200 கூடும், குரோம்பேட்டையில் 2,200. 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 விழுக்காட்டில் இருந்த ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி, 2023 பிப்ரவரிக்குள் 6.5-ஐத் தொட்டது. அதனால் இதை நடக்காத காரியம் என்று ஒதுக்கிவிட முடியாது.

வருடச் சராசரி சொல்லாத இன்னொன்று, பணம் எந்த மாதத்தில் வேண்டும் என்பது. ஜூன் கடைசியில் நாவலூர் வீடு காலியானதாக வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது, குடும்பங்கள் மாறும் பருவம் முடிந்தது. ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும். ஆடியில் புது வீட்டுக்குக் குடிபோக நம் ஊரில் பலர் தயங்குவார்கள். ஆவணியில் வந்து பார்த்து, பேசி முடித்து, குடிவர செப்டம்பர் கடைசி ஆகிவிடும். மூன்று மாதமும் இஎம்ஐ, மெயின்டனன்ஸ் சேர்த்து மாதம் 47,066. அட்டவணையில் இரண்டு வருடத்துக்குப் பிரித்துப் போட்ட பெயின்டிங் 22,000, கமிஷன் 23,000 இரண்டும் அப்போதே மொத்தமாக வரும். மொத்தம் 1,86,198. டிசம்பர் தொடக்கத்தில் காலியானால் மார்கழி குறுக்கே வரும். அதனால் ஒப்பந்தம் போடும்போதே அது முடியும் மாதத்தைச் சித்திரை, வைகாசிப் பக்கம் விழுமாறு அமைத்துக்கொள்வது நல்லது.

குரோம்பேட்டையில் அதே ஜூனில் காலியாகி இரண்டு மாதம் கிடந்தால், இஎம்ஐ, மெயின்டனன்ஸ், பெயின்டிங் 21,000 எல்லாம் சேர்த்து 96,870. அதே சமயம் மொட்டை மாடி வேலைக்கு வீட்டுக்கு 60,000 என்று அசோசியேஷன் கேட்டால் 1,56,870. ஆக எந்த வீடானாலும் ஒன்றரை முதல் இரண்டு லட்சம் தனியாக நிற்கவேண்டும். வாடகைக்கு வருபவர் தரும் அட்வான்ஸை இந்தக் கையிருப்பாகக் காட்டாதீர்கள். அது திருப்பித் தரவேண்டிய பணம். அவர் காலி செய்யும் மாதத்தில்தான் அதைக் கேட்பார், உங்களுக்கு வாடகை நிற்பதும் அதே மாதம்.

வரிச்சலுகை என்று ஓர் எண்ணைச் சேர்த்துத் துண்டைக் குறைத்துக் காட்டுபவர்களும் உண்டு. புது வரித்திட்டத்தில் இருப்பவருக்கு வாடகை வருமானத்தில் வட்டியைக் கழிக்கலாம், அதனால் இரண்டு வீட்டு வாடகைக்கும் முதல் வருடங்களில் வரி வராது. மிஞ்சும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. பழைய திட்டத்தில் வருடம் 2 லட்சம் வரை கழிக்கலாம். நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டுத்தான் அந்த எண்ணை எழுதவேண்டும்.

20 லட்சத்தோடு நிற்பவருக்கு நான் குரோம்பேட்டையைத்தான் சொல்வேன். முன்பணம் 30 லட்சம் இருந்தால் நாவலூர் கடன் 40 லட்சமாகும், இஎம்ஐ 34,713, மாதத் துண்டு 17,000-க்குள் வந்துவிடும். அப்போது அதைத் தாராளமாக யோசிக்கலாம். அதற்கும் முன் அந்த வளாகத்தின் அடுத்த கட்டம் எப்போது சாவி கொடுக்கப்படுகிறது என்று விசாரியுங்கள். நூற்றுக்கணக்கான ஒரே மாதிரி வீடுகள் ஒரே மாதத்தில் வாடகைக்கு வந்தால் 23,000 நிற்காது. இரவு எட்டு மணிக்கு அங்கே போய் எத்தனை ஜன்னல் இருட்டாக இருக்கிறது என்று பார்த்தாலே பாதி விவரம் கிடைத்துவிடும்.

குரோம்பேட்டை முடிவும் ஒரே ஒரு எண்ணைப் பிடித்துத்தான் நிற்கிறது: அசோசியேஷன் தனி வசூல். முன்பணம் கொடுக்குமுன் மூன்று வருட வரவு செலவைக் கேளுங்கள், மேல் மாடி வீட்டுக் கூரையில் ஈரக் கறை இருக்கிறதா என்று பாருங்கள், கோடையில் எத்தனை லாரி தண்ணீர் வாங்குகிறார்கள் என்று கீழ் வீட்டில் விசாரியுங்கள். அசோசியேஷனே இல்லை, கணக்கும் இல்லை என்றால் அந்த 15,000-ஐ 30,000 ஆக்கிப் போடுங்கள். மாதத் துண்டு 25,831 ஆகிவிடும், நாவலூரைவிட அதிகம்.