தையலா, அளவா: படத்தில் இருக்கும் பந்து எது?

டர்பனிலும் சாட்ஸ்வர்த்திலும் பழைய விளையாட்டுக் கழகங்களின் ஆல்பங்களைத் தொகுக்க உட்காரும் எவருக்கும் முதலில் எழும் சண்டை இதுதான்: படத்தில் இருப்பது கால்பந்தா, கைப்பந்தா? ஒருவர் தையலைப் பார்க்கச் சொல்வார். இன்னொருவர் அளவைப் பார்க்கச் சொல்வார். இரண்டுமே நல்ல வழிகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஓரிடத்தில் கைகொடுத்து, வேறோரிடத்தில் கைவிட்டுவிடும். எங்கே எதை நம்பலாம் என்று தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

தையலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் ஓட்டு அதற்குத்தான். எல்லோர் மனத்திலும் நிற்கும் கறுப்பு வெள்ளைக் கால்பந்தில் 32 துண்டுகள்: 12 ஐங்கோணங்கள், 20 அறுகோணங்கள். எந்த மூலையைப் பார்த்தாலும் மூன்று தையல்கள் ஒரு முச்சந்தியில் கூடும். ஒரு ஐங்கோணம் நேராகக் கேமராவைப் பார்த்தால், அதைச் சுற்றி, பந்தின் விளிம்பை ஒட்டி, இன்னும் ஐந்து ஐங்கோணங்கள் ஒடுங்கிப்போய்த் தெரியும். பின்பக்கம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அந்த ஆறே போதும்.

கைப்பந்தின் பழைய அமைப்பு வேறு. 18 நீளப் பட்டைகள், மும்மூன்றாக ஆறு கூட்டங்கள். ஒரு கூட்டத்தின் பட்டைகள் படுத்திருந்தால் பக்கத்துக் கூட்டத்தின் பட்டைகள் நிமிர்ந்து நிற்கும். அதனால் ஒரு கூட்டத்தின் உள்தையல் நேராக ஓடி, அடுத்த கூட்டத்தின் பக்கவாட்டில் முட்டி நின்றுவிடும். இது முட்டுச்சந்து. முச்சந்தியா, முட்டுச்சந்தா என்று மட்டும் பார்த்தால் போதும். மங்கலான படத்தில்கூட இந்த ஒரு சந்திப்பு தெரிந்தால் 32 துண்டா, 18 துண்டா என்று சொல்லிவிடலாம்.

சிக்கல் இதற்கு அப்பால்தான் இருக்கிறது. 18 துண்டு என்றாலே கைப்பந்து என்று முடிவுகட்டுகிறவர்கள் பழைய படங்களில் தவறிவிடுகிறார்கள். 1954ஆம் ஆண்டு ஸ்விட்சர்லாந்தில் நடந்த உலகக் கோப்பையின் கால்பந்தும் 18 துண்டுகளால் ஆனதுதான். அந்தக் காலத்துத் தோல் கால்பந்துகளில் பல இதே அமைப்பில் தைக்கப்பட்டவை. ஆக, கரீஸ் ஃபவுண்டன் மைதானம் நிரம்பி வழிந்த நாட்களின் கறுப்பு வெள்ளைப் படங்களில் தையல் மட்டும் தீர்ப்புச் சொல்லாது.

அப்படியானால் அளவு சொல்லுமா? விதிப்படி கால்பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., கைப்பந்தின் சுற்றளவு 65 முதல் 67 செ.மீ. விட்டமாகப் பார்த்தால் ஒன்று ஏறத்தாழ 22 செ.மீ., மற்றொன்று 21 செ.மீ. வித்தியாசம் ஒரே ஒரு சென்டிமீட்டர்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். இளைஞர் ஒருவர் ஒற்றை முழங்காலில் அமர்ந்து பந்தை முன்னால் பிடித்திருக்கிறார். பந்தில் முட்டுச்சந்துத் தையல் தெளிவாக இருக்கிறது. பின்னணியில் கோல் கம்பமும் இல்லை, வலையும் இல்லை. காகிதத்தில் பந்தின் விட்டம் 33 மி.மீ.; உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை அவருடைய தலை 32 மி.மீ. வளர்ந்த ஆணின் தலை உயரத்தை 22.5 செ.மீ. என்று வைத்தால் பந்து 23.2 செ.மீ. என்று வருகிறது. கால்பந்தைவிடவே பெரிது! காரணம், பந்து முகத்தைவிடக் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கேமரா முகத்திலிருந்து மூன்று மீட்டரில் நின்று, பந்து 30 செ.மீ. முன்னால் இருந்தால், அது 11 சதவீதம் பெரிதாகத் தெரியும். அதைக் கழித்தால் 20.9 செ.மீ., அதாவது கைப்பந்து. பந்து 15 செ.மீ. மட்டுமே முன்னால் இருந்திருந்தால் கணக்கு 22 செ.மீ.யில் வந்து நிற்கும், அது கால்பந்து. நாம் தேடும் வித்தியாசம் ஐந்து சதவீதம்தான். தூரத்தால் வரும் பிழை அதைவிடப் பெரிது. இந்தப் படத்தில் அளவு சொல்லும் சாட்சியத்தை நான் ஏற்கமாட்டேன்.

தீர்ப்பு வேறு இடத்திலிருந்து வருகிறது. படத்தின் கீழ் ஓரத்தில் முழங்காலுக்குக் கீழே கனத்த காலுறையின் மடிப்பு தெரிகிறது. பந்தின் தோல் கறுத்து, பட்டைகளின் நடுப்பகுதி உரசித் தேய்ந்திருக்கிறது. கையால் மட்டும் தட்டப்படும் பந்து இப்படித் தேய்வதில்லை. கால்பந்து என்றே எழுதலாம், தேய்வும் காலுறையுமே காரணம் என்ற குறிப்போடு.

ஆண்டைக் கணிக்கவும் தையல் உதவும், ஆனால் ஒரு திசையில் மட்டும். கறுப்பு ஐங்கோணங்களை உலகெங்கும் பரப்பியது 1970ஆம் ஆண்டு மெக்சிகோ உலகக் கோப்பையின் டெல்ஸ்டார் பந்து. அந்த முகம் படத்தில் இருந்தால், அதை 1950களுக்குத் தள்ளுவது சரிவராது. 18 துண்டுப் பந்து அப்படியல்ல. பழைய பந்து புதிய காலத்திலும் உருளும். அது மேல் எல்லை எதையும் தராது.

புதிய படங்களில் தொல்லை கொடுப்பது பந்தின் மேலுள்ள அச்சு. நம் தென்னாப்பிரிக்காவில் 2010 உலகக் கோப்பையில் ஆடிய ஜபுலானி பந்தில் துண்டுகள் எட்டே எட்டு, தையலுக்குப் பதிலாக வெப்பத்தால் ஒட்டியவை. அதன் மேலுள்ள வண்ணக் கோடுகளை எண்ணினால் கணக்கு எங்கேயோ போய்விடும். படத்தைப் பெரிதாக்கி விளிம்பைப் பாருங்கள். உண்மையான இணைப்பு ஒளியை முறிக்கும். ஒரு பக்கம் மெல்லிய நிழலும் மறுபக்கம் மெல்லிய ஒளியும் விழும், பந்தின் வெளிக்கோட்டைத் தொடும் இடத்தில் சின்னப் பள்ளம் தெரியும். அச்சுக் கோடு நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு நழுவிப்போகும். மிகாசாவின் நீல மஞ்சள் கைப்பந்துகளுக்கும் இதே சோதனைதான். 2008இல் வந்த எம்.வி.ஏ. 200 பந்தில் 8 துண்டுகள், 2019இல் வந்த வி 200 டபிள்யூ பந்தில் மறுபடியும் 18. நிறம் ஒன்றே, இணைப்பை எண்ணாமல் பிரிக்க முடியாது.

ஹாக்கிப் பந்தில் ஆட்டம் தலைகீழாகிறது. கிரிக்கெட் பந்தோடு ஒப்பிட்டால் அளவு பயனற்றது, இரண்டும் ஏறத்தாழ 22.5 செ.மீ. சுற்றளவு, அங்கே நடுவே ஓடும் தடித்த நூல் தையல்தான் கிரிக்கெட்டைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் குழிகள் நிறைந்த ஹாக்கிப் பந்தையும் கோல்ஃப் பந்தையும் தனித்தனியே படமெடுத்தால் மேற்பரப்பு ஏமாற்றும், அளவு காப்பாற்றும். ஏழு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட விட்டமும் நான்கே கால் சென்டிமீட்டர் விட்டமும் எந்தத் தூரப் பிழையாலும் ஒன்றாகிவிடாது. பக்கத்தில் ஒரு விரல் இருந்தாலே போதும்.

இறகுப்பந்தில் அளவுக்கு வேலையே இல்லை. இறகா நைலானா என்பது பார்த்தவுடன் தெரியும்: இறகில் தனித்தனித் தண்டுகள் விரிந்து, அவற்றைக் குறுக்கே நூல் கட்டியிருக்கும், நைலானில் பாவாடை முழுதும் ஒரே வலைப்பின்னல். வாய்ப்பக்கமிருந்து எடுத்த படமானால் 16 இறகுகளையும் எண்ணிவிடலாம். படத்தில் பிடிபடாதது வேகம். கடல் மட்டத்திலுள்ள டர்பனுக்கு ஏற்ற இறகுப்பந்து, 1,700 மீட்டருக்கு மேல் இருக்கும் ஜோகன்னஸ்பர்க்கின் மெல்லிய காற்றில் கோட்டைத் தாண்டிப் போய்விடும். அங்கே மெதுவான வகை வேண்டும். இரண்டும் படத்தில் ஒரே முகம். நைலான் வகைகளில் தக்கையைச் சுற்றிய வளையத்தின் நிறம் வேகத்தைச் சொல்லும், பொதுவாகப் பச்சை மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகமானது. இறகு வகையைப் படம் பார்த்து வாங்குகிறவர்கள், குழாய் உறையில் வேக எண் அச்சிட்டிருக்கும் இடத்தையும் படமெடுத்து அனுப்பும்படி விற்பவரிடம் கேட்க வேண்டும்.