கோடு போட்ட விலையை நம்பி மிக்ஸி வாங்காதீர்கள்

ஆடித் தள்ளுபடி நேரத்தில் ஆன்லைனில் மிக்ஸி வாங்கிய ஒருவரின் பில், அட்டைப்பெட்டிப் படம், ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்ததில் தெரிந்தவை இவை. விற்றவர் பெயர் இங்கே வேண்டாம். இதே வேலையைப் பல கடைகள் செய்கின்றன.

விற்பனைப் பக்கத்தில் 8,999 ரூபாய் என்று போட்டு, அதன் மேல் கோடு. பக்கத்திலேயே பச்சை எழுத்தில் 63% தள்ளுபடி, விலை 3,299. இன்னும் சில மணி நேரம்தான் என்று ஒரு கடிகாரமும் ஓடிக்கொண்டிருந்தது. பொருள் வீட்டுக்கு வந்தபோது பெட்டியில் அச்சிட்டிருந்த எம்.ஆர்.பி. 5,995. அந்த 8,999 எங்கிருந்து வந்தது? பெட்டியில் இல்லை, பில்லிலும் இல்லை. பெட்டி விலையை வைத்துக் கணக்குப் போட்டாலே தள்ளுபடி 45 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது.

அதுவும் உண்மையான தள்ளுபடி இல்லை. விலை வரலாறு காட்டும் தளத்தில் பார்த்தால், ஜூன் மாதம் முழுக்க இதே மிக்ஸி 3,099-க்குத்தான் போயிருக்கிறது. ஜூலை 10-ல் விலையை 4,499-க்கு ஏற்றி ஒரு வாரம் வைத்திருந்து, 18-ல் 3,299-க்கு இறக்கி 'ஆடி அதிரடி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆகமொத்தம், வாங்கியவர் போன மாத விலையைவிட 200 ரூபாய் கூடக் கொடுத்திருக்கிறார்.

நம் ஊரில் இந்த வித்தை எளிதாக நடப்பதற்குக் காரணம் எம்.ஆர்.பி.யைப் பற்றிய தவறான எண்ணம். அது இதற்குமேல் விற்கக் கூடாது என்ற உச்சவரம்பு மட்டுமே. முன்பு விற்ற விலை அல்ல. அதை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பது தயாரிப்பாளர் இஷ்டம். அந்த விலைக்கு ஒரு பீஸ்கூட விற்றிருக்க வேண்டியதில்லை. அதனால் கோடு போட்ட விலைக்குப் பக்கத்தில் 'எம்.ஆர்.பி.' என்று சின்னதாக எழுதியிருந்தால், அந்த சதவீதத்தைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். ஒன்றுமே எழுதாமல் வெறும் எண்ணுக்குக் கோடு போட்டிருந்தால் இன்னும் உஷாராக இருங்கள்: அது எதன் விலை என்று அவர்களே சொல்லவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் இதற்கு ஒரு தெளிவான விதி இருக்கிறது. தள்ளுபடி அறிவித்தால், அதற்கு முந்தைய 30 நாட்களில் இருந்த ஆகக் குறைந்த விலையைத்தான் 'முந்தைய விலை' என்று காட்ட வேண்டும். சதவீதத்தையும் அந்த விலையிலிருந்துதான் கணக்கிட வேண்டும் என்று 2024 செப்டம்பரில் அங்குள்ள நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த அளவுகோலில் நம் மிக்ஸிக்கு முந்தைய விலை 3,099. தள்ளுபடி என்ற சொல்லையே போட முடியாது.

இந்தியச் சட்டத்தில் அப்படி 30 நாள் கணக்கு கிடையாது. ஆனால் ஒரு பொருள் வழக்கமாக என்ன விலைக்கு விற்கப்பட்டது என்பதில் மக்களைத் தவறாக நம்பவைப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவில் நேர்மையற்ற வணிக முறையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. புகாரில் இந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள். 'ஏமாற்றிவிட்டார்கள்' என்று மட்டும் எழுதினால் 'சந்தை விலை மாறும்' என்று பதில் வரும், அவ்வளவுதான்.

ஆதாரத்தை வாங்கும்போதே சேர்த்து வைப்பது முக்கியம். பணம் கட்டுவதற்கு முன், கோடு போட்ட விலையும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விற்பனை முடிந்ததும் பக்கம் மாறிவிடும். பெட்டி வந்ததும் எம்.ஆர்.பி., தயாரித்த மாதம், மாடல் எண் மூன்றும் ஒரே படத்தில் வரட்டும். 'அது வேறு பேட்ச் விலை' என்று அவர்கள் நழுவுவது வழக்கம். மாடலும் மாதமும் கையில் இருந்தால் அந்த பேட்ச்சைக் காட்டச் சொல்லலாம். பெட்டியில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் ஓரத்தை உற்றுப் பாருங்கள். எம்.ஆர்.பி.யைக் குறைக்க ஸ்டிக்கர் ஒட்டலாம், ஆனால் அது அச்சிட்ட விலையை மறைக்கக் கூடாது. கூட்டுவதற்கு ஒட்டவே கூடாது.

முதலில் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் வந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்த்துவைக்க வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசுங்கள், அல்லது consumerhelpline.gov.in-ல் பதியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.

கடை வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள். கோடு போடுவதென்றால் நீங்களே பில் போட்டு விற்ற விலைக்குப் போடுங்கள், 'ஜூன் 1 முதல் 30 வரை ரூ.3,099' என்று தேதியோடு. எம்.ஆர்.பி.யோடு ஒப்பிட்டால் அதை எம்.ஆர்.பி. என்றே, படிக்கிற அளவு எழுத்தில் எழுதுங்கள். விலை மாற்றிய ஒவ்வொரு தேதியையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். யாராவது கேட்டால் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினால் போதும்.